டேனிஷ் சொல் ‘ஹுக்கெ’: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஹுக்கெ என்றால் சுருக்கமாக என்ன?

ஒருவரையொருவர் நம்பும் சிலர், அவசரமோ போட்டியோ இல்லாமல், தம்மைப் பெரிதாகக் காட்டிக்கொள்ள வேண்டிய தேவையும் இல்லாமல் சேர்ந்து பொழுதைக் கழிப்பதையும், அப்போது அவர்களிடையே நிலவும் மனநிலையையும் டேனிஷ் மக்கள் ஹுக்கெ என்கிறார்கள். மெழுகுவர்த்தி, காபி, கேக், கம்பளிப் போர்வை ஆகியவை அதற்குத் துணைசெய்யலாம். ஆனால் அவை எதுவும் இல்லாமலும் ஹுக்கெ அமையும்; அவை எல்லாம் இருந்தும் ஹுக்கெ அமையாமல் போகும். ஆங்கில அகராதிகள் இதற்குக் ‘கோஸி’ என்று பொருள் தருவது வழக்கம், அதையொட்டித் தமிழில் ‘கதகதப்பு’ என்று எழுதுவோரும் உண்டு. இரண்டுமே சொல்லின் ஓர் ஓரத்தைத்தான் தொடுகின்றன.

இதை எப்படி உச்சரிப்பது?

நாக்கை ‘இ’ சொல்லும் நிலையில் வைத்துக்கொண்டு, உதடுகளை மட்டும் ‘உ’ சொல்வதுபோலக் குவித்தால் முதல் உயிரொலி கிடைத்துவிடும். அடுத்து வருவது ‘பக்கம்’ என்பதில் உள்ள ககரத்தைப் போன்ற ஒலி, ஆனால் அவ்வளவு அழுத்தம் இல்லாதது. கடைசி உயிர் மிக மெலிந்து ஒலிக்கும். தமிழ் எழுத்தில் அதற்கு நெருக்கமாக ‘ஹுக்கெ’ என்று எழுதலாம். ரோமன் எழுத்தில் ‘hygge’ என்று இருப்பதைப் பார்த்து ‘ஹைகீ’ என்று வாசிப்பது பொருந்தாது.

‘கோஸி’ என்று சொல்லிவிட்டால் என்ன விடுபடுகிறது?

முதலில் இலக்கணத்தைப் பார்க்க வேண்டும், ஏனென்றால் வேறுபாடு அங்கேயே தொடங்கிவிடுகிறது. கோஸி என்பது பெரும்பாலும் ஓர் இடத்தின் அல்லது பொருளின் தன்மையைச் சொல்லும் அடைமொழி: கோஸியான அறை, கோஸியான நாற்காலி, கோஸியான காலுறை. ஹுக்கெ பெயர்ச்சொல்லாக இருப்பதோடு வினைச்சொல்லாகவும் இயங்குகிறது. ‘வி ஹுக்கர் ஓஸ்’ என்று ஒரு டேனிஷ் குடும்பம் சொல்லும்போது, தாங்கள் இப்போது ஒன்றைச் செய்துகொண்டிருப்பதாகவே சொல்கிறது. ‘ஹுக் டாய்’ என்று புறப்படுபவரை வாழ்த்தி அனுப்பலாம். ‘நேற்று மாலை நாங்கள் ஹுக்கெ செய்தோம்’ என்று இறந்தகாலத்திலும் பேசலாம். இந்த வினை தற்சுட்டு வினையாக வருவதையும் கவனிக்க வேண்டும். செய்பவர்களே அதன் பயனையும் அடைகிறார்கள். விருந்தாளிக்காக ஒருவர் தயாரித்துத் தட்டில் வைத்துக் கொடுக்கும் பண்டமாக அதை இந்த மொழி கருதுவதில்லை.

அடுத்து, இதிலிருந்து பிறந்த ‘ஹுக்கெலி’ என்ற அடைமொழி எவற்றோடெல்லாம் சேர்கிறது என்று பார்க்கலாம். ஒரு மனிதரை ஹுக்கெலி என்று சொல்லலாம். பழக இனியவர், அவர் அருகில் இருந்தால் இறுக்கம் தளரும் என்பது பொருள். ஓர் உரையாடலை, ஒரு பிறந்தநாளை, பேருந்து நிறுத்தத்தில் பழைய நண்பரைத் தற்செயலாகக் கண்டு கால் மணி நேரம் பேசியதைக்கூட அப்படிச் சொல்லலாம். மழையில் நனைந்துகொண்டு நின்று பேசியிருந்தாலும் அது ஹுக்கெலியாகவே இருந்திருக்கலாம். அந்தச் சந்திப்பை எந்த ஆங்கிலேயரும் கோஸி என்று சொல்லமாட்டார்.

ஓர் அறையையும் டேனிஷ் மக்கள் ஹுக்கெலி என்று சொல்வது உண்மைதான். ஆனால் அங்கேயும் சொல்லப்படுவது, இந்த அறையில் நான்கு பேர் வந்து உட்கார்ந்தால் பேச்சு தானாக வளரும் என்பதே. மொழியியலாளர் கார்ஸ்டன் லெவிசென் இந்தச் சொல்லை டேனிஷ் பண்பாட்டின் திறவுச்சொற்களுள் ஒன்றாக எடுத்துக்கொண்டு ஆராய்ந்திருக்கிறார். அத்தகைய சொற்களுக்கு இன்னொரு மொழியின் ஒற்றைச் சொல்லைச் சமமாக வைத்தால், பொருளில் நமக்குப் பழக்கமான பகுதி மட்டும் தங்கிவிடும், அந்த மக்கள் முக்கியமாகக் கருதும் பகுதி உதிர்ந்துவிடும். ஹுக்கெயில் அப்படி உதிர்ந்துபோவது மனிதர்களுக்கிடையிலான உறவுதான்.

ஒரு மாலைப் பொழுதை எடுத்துக்கொண்டு இதை விளக்க முடியுமா?

டென்மார்க்கின் ஆர்ஹுஸ் நகரத்தில் ஓர் அடுக்குமாடி வீடு, நவம்பர் மாத வெள்ளிக்கிழமை, மாலை ஆறு மணி என்று வைத்துக்கொள்வோம். வெளியே எப்போதோ இருட்டிவிட்டது. ஆறு நண்பர்கள் வருகிறார்கள். வாசலில் காலணிகளைக் கழற்றிவிட்டு நேராகச் சமையலறைக்குப் போகிறார்கள். வீட்டுக்காரர் சமையலை முடித்துவைத்திருக்கவில்லை, அதற்காக அவர் வருந்துவதும் இல்லை. ஒருவர் உருளைக்கிழங்கு சீவுகிறார், இன்னொருவர் தட்டுகளை எடுத்துவைக்கிறார், மூன்றாமவர் தான் கொண்டுவந்த கேக்கை ஜன்னலோரம் வைத்துவிட்டு மெழுகுவர்த்திகளைக் கொளுத்துகிறார். மேசை சிறியது. நாற்காலிகள் போதாமல் குளியலறையிலிருந்து ஒரு முக்காலி வருகிறது. சாப்பாடு எளியது, ஆனால் அதற்கு மூன்று மணி நேரம் ஆகிறது. யாரும் நெடுநேரம் பேச்சைத் தம் வசமே வைத்திருப்பதில்லை. அதிகம் பேசாதவரிடமும் ஏதாவது கேட்டு அவரை உள்ளே இழுத்துக்கொள்கிறார்கள்.

முக்காலியில் அமர்ந்தவருக்கு முதுகு வலித்திருக்கும், ஆறு பேருக்கும் முழங்கை இடித்திருக்கும். ஆனாலும் புறப்படும்போது எல்லாரும் ‘டே வா ஹுக்கெலிட்’, அதாவது நன்றாக இருந்தது என்று மனதாரச் சொல்வார்கள். அடுத்த வாரம் தெருவில் பார்க்கும்போது ‘டாக் ஃபோ ஸிஸ்ட்’, சென்ற முறைக்கு நன்றி, என்று தொடங்குவார்கள். உடல் வசதியை மட்டும் அளவுகோலாகக் கொண்டால் இந்த மாலைக்குக் குறைந்த மதிப்பெண்தான் கிடைக்கும்.

இதே மாலை கெட்டுப்போகவும் வழி உண்டு. வீட்டுக்காரர் உதவியை மறுத்துவிட்டு, விருந்தினரை வரவேற்பறையில் உட்காரவைத்து, தான் மட்டும் சமையலறைக்கும் மேசைக்கும் ஓடிக்கொண்டிருந்தால் உணவு சிறப்பாக அமையலாம், ஆனால் ஹுக்கெ அமையாது. ஒருவர் தன் சம்பள உயர்வைப் பற்றியும் புதுக் காரைப் பற்றியும் விடாமல் பேசினாலும், குடியேற்றச் சட்டம் பற்றிய விவாதத்தில் இருவர் குரலை உயர்த்தினாலும், ஒருவர் அடிக்கடி கைபேசியை எடுத்துப் பார்த்தாலும் அது கலைந்துவிடும். கலைந்ததை எப்படி அறிவது என்றால், பேச்சு இரண்டு மூன்று துண்டுகளாகப் பிரியும், யாராவது நேரத்தைப் பார்ப்பார்கள், வீட்டுக்காரர் சட்டென்று ‘இன்னும் காபி வேண்டுமா’ என்று கேட்பார். அந்தக் கேள்வி பெரும்பாலும் காபியைப் பற்றியது அல்ல. வட்டத்தை மறுபடி கூட்டும் முயற்சி. இப்படி மகிழ்ச்சியைக் குலைப்பவருக்கு டேனிஷில் ‘லூஸெஸ்லொக்கர்’ என்று பெயர், மெழுகுவர்த்தியை அணைப்பவர் என்பது அதன் நேர்ப்பொருள்.

மெழுகுவர்த்திக்கும் விளக்குக்கும் ஏன் இவ்வளவு முக்கியத்துவம்?

டிசம்பர் பிற்பகுதியில் கோபன்ஹேகனில் சூரியன் காலை எட்டரை மணிக்குப் பிறகே உதிக்கிறது, பிற்பகல் நான்கு மணிக்குள் மறைந்துவிடுகிறது. ஏழு மணி நேரப் பகல் மட்டுமே உள்ள ஊரில் விளக்கு வெறும் அலங்காரமாக இருக்க முடியாது. மெழுகுவர்த்தியை அவர்கள் ‘உயிருள்ள ஒளி’ என்ற பொருளில் ‘லெவெனெ லூஸ்’ என்கிறார்கள்.

ஆனால் மெழுகுவர்த்தியைவிட ஹுக்கெயின் இயல்பைத் தெளிவாகக் காட்டுவது மேசைக்கு மேல் தொங்கும் விளக்குதான் என்பது என் எண்ணம். கட்டடக் கலைஞர் போல் ஹென்னிங்ஸென் 1926ஆம் ஆண்டளவில் மூன்று மூடிகள் ஒன்றின் கீழ் ஒன்றாக அமைந்த விளக்கை உருவாக்கினார். மின்குமிழ் எந்தக் கோணத்திலிருந்தும் நேராகக் கண்ணில் படாது. ஒளி மூடிகளின் வளைவில் பட்டுச் சிதறிக் கீழ்நோக்கி மெதுவாக இறங்குகிறது. 1958இல் வந்த பி.எச். 5 என்ற விளக்கும் இதே கருத்தின் தொடர்ச்சி; டென்மார்க்கில் எத்தனையோ சாப்பாட்டு மேசைகளுக்கு மேல் அதை இன்றும் காணலாம். அதை மேசைக்கு மேல் ஏறக்குறைய 60 சென்டிமீட்டர் உயரத்தில் தாழ்வாகத் தொங்கவிடுவார்கள். அப்போது வெளிச்சம் மேசையின் மீதும் சுற்றி இருப்பவர்களின் கைகள், முகங்கள் மீதும் விழுகிறது, அறையின் மூலைகள் இருட்டாகவே இருக்கின்றன. வெளிச்சத்துக்குள் இருப்பவர்கள் ஒரு வட்டமாகிவிடுகிறார்கள். கூரையின் நடுவில் ஒரே பெரிய விளக்கை எரியவிட்டால் அறை முழுவதும் ஒரே சீராக வெளிச்சமாகும். அந்த வட்டம் மட்டும் உருவாகாது. உள்ளே, வெளியே என்ற எல்லை தெரிவதே ஹுக்கெக்கு வேண்டியது, வெளிச்சத்தின் அளவு அடுத்தபடியாகத்தான் வருகிறது.

ஹுக்கெயின் எதிர்ச்சொல் என்ன?

‘உஹுக்கெ’ என்பது எதிர்ச்சொல். அதன் பொருள்தான் கோஸி என்ற மொழிபெயர்ப்பின் குறையை மிகத் தெளிவாக வெளிப்படுத்துகிறது. ஹுக்கெ என்பது உடல் வசதியைக் குறித்திருந்தால் எதிர்ச்சொல் வசதியின்மையைக் குறித்திருக்க வேண்டும். அப்படி இல்லை. ‘உஹுக்கெலி’ என்றால் அச்சமூட்டுவது, நெஞ்சைக் கலக்குவது. பேய்ப்படம் உஹுக்கெலி, யாரும் இல்லாத வீட்டில் இரவில் கேட்கும் காலடி ஓசை உஹுக்கெலி, நள்ளிரவில் ஆளில்லாத வாகன நிறுத்தமும் அப்படியே. கடினமான நாற்காலியையோ குளிரான அறையையோ அப்படிச் சொல்வதில்லை, அதற்கு வேறு சொற்கள் உள்ளன.

ஒன்றை நீக்கினால் அதன் இடத்தில் அச்சம் வந்து நிற்கிறது என்றால், அந்த ஒன்றின் அடியில் இருப்பது பாதுகாப்பு உணர்வு என்றுதான் கொள்ள வேண்டும். ‘ட்ருக்ஹெத்’ என்று டேனிஷ் மக்கள் சொல்லும் அந்த உணர்வு, தீங்கு நேராது, யாரும் என்னைச் சோதிக்கமாட்டார்கள் என்ற நிம்மதி. போர்வையும் காபியும் அந்த நிம்மதிக்கு வெளியில் தெரியும் அடையாளங்கள் மட்டுமே.

தனியாக இருப்பவரும் ஹுக்கெ செய்ய முடியுமா?

முடியும், சொல்லும் வழக்கில் இருக்கிறது. ஒரு மழைநாளில் சோபாவில் புத்தகத்தோடும் தேநீரோடும் சுருண்டுகொண்டவர் தனிமை ஹுக்கெயில் இருப்பதாகச் சொல்வார். ஆனால் அதற்குத் ‘தனியாக’ என்ற முன்சொல்லைச் சேர்க்க வேண்டியிருப்பதே, இயல்பான நிலை பலரோடு இருப்பது என்பதைக் காட்டுகிறது. கோஸி என்ற சொல் ஹுக்கெக்கு மிக அருகில் வருவது இந்த இடத்தில்தான். ஆங்கில நூல்களும் விளம்பரங்களும் இந்தக் காட்சியையே பெரிதும் எடுத்துக்கொண்டதால், வெளிநாட்டு வாசகர் பலருக்கு இதுவே முழு ஹுக்கெ என்று தோன்றிவிட்டது.

இது குளிர்காலத்துக்கு மட்டும் உரியதா?

அல்ல. கிறிஸ்துமஸ் காலம் இதன் உச்சம் என்பது உண்மை. ‘யூலெஹுக்கெ’ என்று அதற்குத் தனிப் பெயரே உண்டு. குடும்பத்தார் மேசையைச் சுற்றி அமர்ந்து சிவப்பும் வெள்ளையுமான தாள்களை ஒன்றுக்குள் ஒன்று நுழைத்து இதய வடிவப் பைகளைப் பின்னுவார்கள், நறுமணப் பொருள்கள் சேர்த்த சூடான திராட்சை மதுவும் ‘எய்ப்லெஸ்கீவர்’ என்னும் உருண்டைப் பணியாரமும் பரிமாறப்படும்.

கோடையிலோ ஜூன் 23 மாலை கடற்கரையில் சொக்கப்பனை கொளுத்திச் சுற்றி நின்று பாடுவது, நகர ஓரத்துச் சிறு தோட்ட மனைகளில் பக்கத்து மனைக்காரரோடு பீர் குடித்தபடி இரவு பத்து மணி வெளிச்சத்தில் பேசிக்கொண்டிருப்பது எல்லாமே ஹுக்கெதான். அங்கே கதகதப்புக்கும் போர்வைக்கும் வேலையே இல்லை.

சொல் எங்கிருந்து வந்தது?

நார்வேஜியனிலிருந்து. டென்மார்க்கும் நார்வேயும் 1814 வரை ஒரே அரசின் கீழ் இருந்தன. டேனிஷ் எழுத்தில் இந்தச் சொல் 1800ஆம் ஆண்டையொட்டித் தென்படத் தொடங்குகிறது. அதற்கும் பின்னே போனால் பழைய நார்ஸ் மொழியில் நினைத்தலைக் குறிக்கும் ஒரு வினையும், மனத்தைக் குறிக்கும் ஒரு பெயரும் இருக்கின்றன. வேரிலேயே மனம் இருப்பது பொருத்தமாகப் படுகிறது, ஆனாலும் வேர்ச்சொல்லை வைத்து இன்றைய பொருளை நிறுவ முடியாது. நார்வேயில் இன்று ‘ஹுக்கெலி’ என்பது பொதுவாக ‘இனிய’ என்ற அளவில் நின்றுவிட்டது. டேனிஷ் மக்கள் ஹுக்கெ என்று சொல்லும் இடங்களில் நார்வேக்காரர் ‘கூஸெலி’ என்ற வேறு சொல்லையே எடுக்கிறார்கள்.

அண்டை மொழிகளில் இதற்கு இணை உண்டா?

ஓரளவு உண்டு. டச்சு மொழியின் ‘கெஸெலிக்’ மிக நெருக்கமானது. அதிலும் மனிதச் சேர்க்கையே அடிப்படை, ஆனால் கூட்டமும் ஆரவாரமும் நிறைந்த சந்தையைக்கூட அப்படிச் சொல்ல முடியும். ஹுக்கெ சிறு வட்டத்தையும் தாழ்ந்த குரலையும் விரும்புகிறது. ஜெர்மனின் ‘கெம்யூட்லிஷ்’, ஸ்வீடிஷின் ‘மூஸ்’ ஆகியவையும் ஒரே குடும்பத்து உறவினர்கள்போலத் தோன்றினாலும், இவற்றை ஒன்றுக்குப் பதில் ஒன்றாக வைத்து மொழிபெயர்ப்பவர் அடிக்கடி இடறுவார்.

இதை விமர்சிப்பவர்கள் என்ன சொல்கிறார்கள்?

விமர்சனம் வலுவானது, அதைத் தெரிந்துகொள்ளாமல் சொல்லை முழுதாகப் புரிந்துகொள்ள முடியாது. மானிடவியலாளர் யெப்பெ ட்ரொல்லெ லின்னெட் 2011இல் எழுதிய ஆய்வுக் கட்டுரையில், ஹுக்கெ சமூகக் கட்டுப்பாட்டுக்கும் கருவியாகிறது என்று எடுத்துக்காட்டினார். பகட்டு இல்லாமல், சமமாக, இயல்பாக இருப்பதே ஹுக்கெ என்று நடுத்தர வகுப்பார் வரையறுக்கும்போது, அப்படி இருக்கத் தெரியாதவர்கள் என்று மற்றப் பிரிவினரைக் குறைத்து மதிப்பிடவும் அதே சொல் உதவுகிறது என்பது அவர் வாதம்.

விளக்கொளியின் வட்டத்தைப் பற்றி முன்பு சொன்னதை இங்கே நினைத்துப் பார்க்கலாம். வட்டம் என்றால் வெளியே நிற்பவரும் உண்டு. டேனிஷ் நண்பர் குழுக்கள் பல பள்ளிக்காலத்திலேயே அமைந்து, இறுகி, நெடுங்காலம் நீடிப்பவை. புதிதாக வந்த ஒருவருக்கு அலுவலகத்தில் எல்லாரும் இனிமையாக இருந்தாலும் வீட்டுக்கு அழைப்பு வரப் பல மாதங்கள் ஆகலாம். கருத்து மோதலைத் தவிர்ப்பதிலும் ஒரு விலை இருக்கிறது. யாராவது இன அடிப்படையில் ஒரு கேலியை உதிர்க்கும்போது, அதைக் கண்டிப்பவரே சூழலைக் கெடுத்தவராகப் பார்க்கப்படுவதுண்டு. இந்த நிலைமைக்கு டேனிஷ் பொது விவாதத்தில் ‘ஹுக்கெராசிஸ்மெ’ என்ற பெயரே ஏற்பட்டுவிட்டது: தீய நோக்கம் இல்லை, வேடிக்கைதான் என்ற போர்வையில் சொல்லப்படும் இனவெறிப் பேச்சு. கோஸி என்ற சொல்லில் இந்த நிழல் துளியும் இல்லை. ஒரு சொல் இவ்வளவு கனத்தைச் சுமக்கிறது என்றால் அது வெறும் வசதியைக் குறிக்கவில்லை என்பதற்கு அதுவும் சான்று.

2016இல் திடீரென்று உலகம் முழுவதும் இது பரவியது ஏன்?

அந்த ஆண்டு பிரிட்டனில் ஹுக்கெ பற்றிய நூல்கள் ஒன்றன்பின் ஒன்றாக வெளிவந்தன. ஆக்ஸ்ஃபோர்டு அகராதியும் காலின்ஸ் அகராதியும் ஆண்டின் சொல்லுக்கான குறும்பட்டியலில் அதைச் சேர்த்தன. கூடவே மெழுகுவர்த்தி, காலுறை, போர்வை, குவளை என்று எல்லாவற்றிலும் அந்தப் பெயர் ஒட்டப்பட்டது. விற்கக்கூடியது பொருள் மட்டுமே என்பதால், சொல்லில் பொருளாக மாற்ற முடிந்த பகுதி மட்டும் ஏற்றுமதி ஆனது. நண்பர்கள் சேர்ந்து உருளைக்கிழங்கு சீவுவதைப் பெட்டியில் அடைத்து விற்க முடியாது.

அதே ஆண்டு டிசம்பரில் டென்மார்க்கில் நடந்தது வேறு. பெர்ட்டெல் ஹோர்டர் பண்பாட்டு அமைச்சராக இருந்தபோது முன்னெடுத்த பொதுமக்கள் வாக்கெடுப்பு வழியாக, வருங்கால டேனிஷ் சமூகத்துக்கு வேண்டிய பத்து மதிப்புகள் தேர்ந்தெடுக்கப்பட்டன. நலவாழ்வுச் சமூகம், சுதந்திரம், நம்பிக்கை, சட்டத்தின் முன் சமத்துவம் ஆகியவற்றோடு ஹுக்கெயும் அந்தப் பட்டியலில் இடம்பெற்றது. ‘கோஸியாக இருத்தல்’ என்று மட்டும் பொருள் கொண்டால், இந்த வரிசையில் அதற்கு என்ன இடம் என்பது விளங்கவே விளங்காது.

டேனிஷ் கற்பவர் இதைப் பயன்படுத்தும்போது எதைக் கவனிக்க வேண்டும்?

முதன்முறை அறிமுகமாகும் ஒருவரிடம் ‘ஹுக்கெலிட் அட் மோதெ டாய்’ என்று சொல்லலாம். ‘உங்களைச் சந்தித்ததில் மகிழ்ச்சி’ என்பதற்கு மேல் அதில் நெருக்கம் எதுவும் இல்லை, எனவே அதைக் கேட்டவுடன் நட்பு முளைத்துவிட்டதாக எண்ண வேண்டியதில்லை. சீட்டாட உட்காரும்போது ‘ஹுக்கெக்காக ஆடுவோம்’ என்றால் பந்தயம் வேண்டாம், வெற்றி தோல்வியைப் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டாம் என்று அர்த்தம்; அங்கே வென்றே தீருவேன் என்று ஆடுபவர் சொல்லைப் புரிந்துகொள்ளாதவர்.

விருந்துக்கு அழைத்தவர் ‘சும்மா ஹுக்கெ செய்யலாம்’ என்றால், பட்டுப் புடவையோ கோட்டு சூட்டோ தேவையில்லை, விலையுயர்ந்த பரிசும் வேண்டாம். ஆனால் குறித்த நேரத்துக்குப் போக வேண்டும், ஏனென்றால் மற்றவர்கள் ஆறு மணிக்கே வந்து வட்டம் கூடியிருக்கும். எட்டு மணிக்கு நுழைந்து அரை மணி நேரத்தில் புறப்படுவது, போகாமலே இருப்பதைவிட அதிகமாக உறுத்தும். போனதும் சமையலறைக்குள் எட்டிப் பார்த்து ‘நான் என்ன செய்யட்டும்’ என்று கேட்டால், பெரும்பாலும் உடனே ஒரு கத்தியும் காய்கறிப் பலகையும் கைக்கு வரும். அதை வாங்கிக்கொண்டு வேலையைத் தொடங்கிவிட வேண்டும்.